'வொரண்டி போயிடும்' எண்டு சொல்லுறவைக்கு எங்கட கேள்விகள்

தெல்லிப்பழைச் சந்தியில் பஸ் நிற்கும் முன்னமே இறங்க வெளிக்கிட்டு, கையில் இருந்த போனைத் தாரில் போட்டாள் எங்களில் ஒருத்தி. முகம் குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் பெரிய வெடிப்பு ஒன்றும் இல்லை, ஒரு மூலையில் மட்டும் சின்னச் சிலந்தி வலை. ஆனால் ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு. அழைப்பு வந்தால் அதிருது, சத்தம் கேட்குது, எடுக்க ஏலாது.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் போன்தான் காரணம். வாங்கி எட்டு மாதம். கொம்பனி வொரண்டி ஒரு வருடம், ஆக மிச்சம் நாலு மாதம். உள்ளே இருந்தது படமும் பாட்டும் மட்டுமில்லை. இறுதி வருட ஆய்வுக்காக, மீள்குடியேறிய வலிகாமம் வடக்கு அம்மாமாரோடு கதைத்துப் பதிவு செய்த பதினொரு ஒலிப்பதிவுகள் அதுக்குள்ள. வேறெங்கும் பிரதி இல்லை. (ஏன் இல்லை எண்டு கேட்காதேங்கோ, சுப்பவைசர் ஏற்கனவே கேட்டுட்டார்.)

அடுத்த மூன்று மாதத்தில் அந்தப் போனோடு நாங்கள் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுறம். 'ஒதறைஸ்ட் சென்ரருக்கே போ, வெளியில குடுத்தா வொரண்டி போயிடும்' எண்டு ஒரு பக்கம். 'சென்ரர்க்காரன் கொள்ளையடிப்பான், எங்கட பெடியனிட்டக் குடு' எண்டு மறுபக்கம். இரண்டு பக்கமும் அரைவாசி உண்மையைத்தான் சொல்லுது. மிச்ச அரைவாசியை இரண்டு பக்கமும் மறைக்குது எண்டதுதான் எங்கட குற்றச்சாட்டு.

முதலில் வொரண்டி எண்டால் என்ன எண்டு பார்ப்பம். வீட்டில் எல்லாரும் நினைக்கிறது, வொரண்டி இருக்கிற போனின் ஸ்கிரீன் உடைந்தால் கொம்பனி சும்மா மாற்றித் தரும் எண்டு. தராது. கொம்பனிகள் தருவது உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதம். நீங்கள் விழுத்தி உடைத்தது உற்பத்திக் குறைபாடு இல்லை, அட்டையிலேயே எழுதியிருக்கும். ஆகவே உடைந்த ஸ்கிரீனைப் பொறுத்தவரை, சென்ரருக்குப் போனாலும் காசு, சந்திக்கடைக்குப் போனாலும் காசுதான். அப்ப 'போயிடும்' எண்டு சொல்லுற வொரண்டி எது? போனின் மிச்ச உறுப்புகளுக்கானது. மதர்போட், பற்றரி, சார்ஜிங் போர்ட், கமரா. வெளியாள் திறந்த போனில் பிறகு இவற்றில் ஒன்று பழுதானால் சென்ரர் கையைக் கழுவலாம். அபாயம் அவ்வளவும்தான். அதுகும் மிச்சமிருக்கிற மாதங்களுக்கு மட்டும். வாங்கி ஒரு வருடம் கழிந்த போனுக்கும், கொம்பனி வொரண்டியே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த போனுக்கும் 'வொரண்டி போயிடும்' எண்டு வெருட்டுறது, இல்லாத மாட்டைக் களவு குடுத்ததாகச் சொல்லுற கதை.

எங்கட போனுக்கு அந்த மாடு இருந்தது, நாலு மாத வயதில்.

சென்ரருக்குத்தான் முதலில் போனம். காங்கேசன்துறை வீதியால பஸ் ஏறி யாழ்ப்பாணம். வரிசை, ரோக்கன், ஏசி. மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஸ்கிரீன் ஃபிரேமோட சேர்த்து மாற்ற வேண்டும், உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும், ஒரு கிழமைக்கு மேல் ஆகலாம், 34,500 ரூபா. மாற்றின பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம். விலையைக் கேட்டு மூச்சு வாங்கினாலும், அதுவரைக்கும் எங்களுக்குக் கோபம் இல்லை. அடுத்து ஒரு தாளை நீட்டினார். முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து. அதில் ஒரு வரி: தரவுகள் அழிக்கப்படலாம், பொறுப்பேற்கமாட்டோம். 'அண்ணை, ஸ்கிரீன் கறுப்பு, நான் எப்பிடி பக்கப் எடுக்கிறது? ஒருக்கா வேற ஸ்கிரீனைக் கொழுவிக் காட்டினீங்களெண்டா நான் எடுத்துடுவன்' எண்டு அவள் கேட்டாள். 'அப்பிடிச் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை தங்கச்சி.' அவரில் பிழையில்லை, அவருக்கு மேலே இருக்கிற விதி அது. ஆனால் கறுப்பு ஸ்கிரீனோட வாற ஒருத்தியிடம் 'பக்கப் எடுத்திட்டு வா' எண்டு சொல்லுற விதியை எழுதினவர், ஸ்கிரீன் உடைஞ்ச போனை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார்.

அண்டைக்கே பின்னேரம் தெல்லிப்பழைக்குத் திரும்பி, ஊரில் எல்லாரும் போற கடைக்குப் போனம். கடைக்கார அண்ணை போனின் பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றி, பற்றரி இணைப்பை எடுத்துவிட்டு, லாச்சியிலிருந்த ஒரு சோதனை ஸ்கிரீனை அப்படியே வெளியில் தொங்கவிட்டுக் கொழுவினார். எரிந்தது. 'பின் நம்பர் அடிச்சு உங்கட சாமானை எடுங்கோ' எண்டு ஒரு யூஎஸ்பி வயரையும் தந்தார். இருபது நிமிடம். பதினொரு ஒலிப்பதிவும் எங்கட லப்ரொப்பில். அதுக்கு அவர் காசும் வாங்கவில்லை. சென்ரரில் செய்ய முடியாத வேலை இல்லை இது. செய்ய விடாத வேலை.

அந்த இருபது நிமிடத்திலேயே முடிவும் எடுபட்டுவிட்டது. நன்றிக்கடன் எண்டு சொல்லலாம். உண்மையில் 34,500 எங்களிடம் இல்லை.

இப்ப சந்திக்கடையின் பக்கத்துக்கு வருவம். அண்ணை சொன்ன விலை 11,000. 'ஒறிஜினலா அண்ணை?' எண்டு கேட்டம். 'ஒறிஜினல் மாதிரித்தான், நல்ல கொப்பி' எண்டார். இந்த 'மாதிரி' எண்ட சொல்லுக்குள்ள 23,500 ரூபா ஒளிச்சிருந்தது எண்டது எங்களுக்கு அப்ப தெரியாது.

அந்தப் போனோடு வந்தது ஏமோலெட் ஸ்கிரீன். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு காட்ட வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். பின்னால் விளக்கு எண்டு ஒன்று இல்லை. அதனால் ஸ்கிரீன் மெல்லிசு, அதனால்தான் அதுக்குக் கீழே விரலடையாளம் பார்க்கிற சின்னக் கமரா போன்ற ஒன்றையும் ஒளித்து வைக்கக்கூடியதாக இருக்கு. ஸ்கிரீனின் வெளிச்சம் விரலில் பட்டு, புள்ளிகளுக்கு இடையால் திரும்பி உள்ளே வரும். அண்ணை போட்டுத் தந்தது எல்சிடி. இது பழைய முறை. பின்னால் முழு அகலத்துக்கும் ஒரு விளக்குத் தகடு, அதுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கிற புள்ளிகள். விளக்குத் தகட்டைத் தாண்டி விரலின் படம் கீழே போகாது. ஆகவே விரலடையாளம் வேலை செய்யாது. அது பழுது இல்லை. அந்தப் பாகத்தின் இயல்பே அது. எந்தத் திறமான வேலைக்காரன் பூட்டினாலும் வேலை செய்யாது.

இதுக்கு இடையில் இன்னும் இரண்டு படிகள் இருக்கு எண்டு பிறகு அறிந்தம். ஒன்று, வேறு தொழிற்சாலையில் செய்த ஓலெட். நிறமும் கறுப்பும் ஏறத்தாழ ஒத்துப்போகும், விலை நடுவில். மற்றது, கொம்பனியின் அசல் ஸ்கிரீனையே எடுத்து உடைஞ்ச மேல்கண்ணாடியை மட்டும் மாற்றினது. உடைந்தது கண்ணாடி மட்டும், படம் ஒழுங்காகத் தெரியுது எண்டால் இதுதான் மலிவாக அசலைக் காப்பாற்றும் வழி. சூட்டுத் தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் அறுத்துக் கண்ணாடியைப் பிரிப்பார்கள். பிறகு பழைய பசையைத் துடைத்து, புதுப் பசைத்தாள் வைத்து அழுத்தி, குமிழியை இயந்திரத்தில் வெளியேற்ற வேணும். ஓலெட்டில் கை கொஞ்சம் தவறினால் ஸ்கிரீனே போய்விடும். எங்கட போனில் படமே இல்லாததால் அந்த வழி அடைபட்டிருந்தது. ஆனால் நடுப்படியான ஓலெட் இருந்தது. அண்ணை அதைச் சொல்லவேயில்லை.

ஏன் சொல்லவில்லை எண்டு பிறகு கேட்டம். 'பெடியள் விலையைத்தானே தங்கச்சி முதல் கேக்கிறவை' எண்டார். சரி. ஆனால் விலையைக் கேட்கிறவனுக்கு விலையோடு சேர்த்துச் சாமானின் பெயரையும் சொல்ல ஒரு வசனம் போதும். மீன் சந்தையில் கூட விளையைப் பாரை எண்டு வித்தால் சண்டை வரும்.

வாங்கின ஸ்கிரீன் எது எண்டு கடையிலேயே கண்டுபிடிக்கலாம். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, கையால் மூடி இருட்டாக்கிப் பாருங்கோ. கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருந்தால் ஓலெட். சாம்பல் நிறமாக மினுங்கினால் எல்சிடி. போனைப் பக்கவாட்டில் பிடித்து விளிம்பைத் தடவிப் பாருங்கோ. எல்சிடி தடிப்பு, ஃபிரேமை விட்டு நகம் மாட்டுற அளவுக்கு மேலே நிற்கும். சம்சுங் போன் எண்டால் டயல் பண்ணுற இடத்தில் `*#0*#` அடித்தால் அநேகமான மொடல்களில் சோதனைப் பட்டியல் ஒன்று வரும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே காட்டும், தொடுகைச் சோதனையில் ஸ்கிரீன் முழுக்க விரலால் கீறி, எந்தக் கட்டம் நிறம் மாறாமல் நிற்குது எண்டு பார்க்கலாம். அழைப்பு எடுத்துக் காதில் வைத்தால் ஸ்கிரீன் அணையுதா எண்டும் பாருங்கோ, பூட்டும்போது அந்த உணரியை மறைத்துவிடுவதுண்டு. இதெல்லாம் காசு குடுக்க முன்னம்.

நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் விரலடையாளம் எண்ட பகுதியே வேலை செய்யவில்லை எண்டு கண்டம். வெயிலில் ஒன்றும் தெரியாது. பற்றரியும் முந்தி மாதிரி நிற்காது, ஏனெண்டால் இரவுக் கறுப்புத் திரை வைத்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாம் மாதம் சார்ஜ் ஏறுறது நிண்டது. வயரை ஆட்டினால் ஏறும், விட்டால் நிற்கும். வொரண்டியில் இன்னும் ஒரு மாதம் இருக்கு. திரும்ப அதே சென்ரர். உள்ளே கொண்டுபோய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். 'வெளியில திறந்திருக்கு, வொரண்டி இல்லை.' தாளில் எழுதியதும் அவ்வளவுதான். சார்ஜிங் போர்ட் ஏன் பழுதானது எண்டு ஒரு சொல் இல்லை.

எங்கட முழுக் கோபமும் இந்த இடத்தில்தான். நியாயமாகவே கதைப்பம். இந்தப் போனில் ஸ்கிரீன் மாற்ற வேண்டுமானால் பின்மூடியைத் திறக்க வேணும், கீழே இருக்கிற சார்ஜிங் போட்டின் மூடியைக் கழற்ற வேணும், அதை மதர்போட்டோடு இணைக்கிற நாடாவயரைத் தூக்க வேணும். வெளியாள் அதைக் கிழித்திருக்கலாம், ஸ்குரூவைப் பிழையாக இறுக்கியிருக்கலாம். அப்படியானால் கொம்பனி ஏன் பொறுப்பேற்க வேணும்? ஏற்கத் தேவையில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது எண்டு பார்த்துச் சொல்ல வேண்டியது ஆர்? திறந்து பார்த்தவர்தானே. நாடா கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். கிழியாமல், போர்ட்டின் பின்கள் மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் தெரியும். 'வேறொருவர் தொட்டார்' எண்டது ஒரு காரணம் இல்லை. வைத்தியர் 'நீ முந்தி வேற ஆஸ்பத்திரிக்குப் போனனி, ஆனபடியா உன்ர காய்ச்சலைப் பார்க்கமாட்டன்' எண்டு சொன்னால் விடுவமோ?

இது எங்கட தனிப் புலம்பல் இல்லை. இதே வாதத்தை அவுஸ்திரேலியாவில் நீதிமன்றமே கேட்டிருக்கு. 2015, 2016 காலத்தில் ஐபோன், ஐபாட் சில, மென்பொருளைப் புதுப்பித்த பிறகு 'எரர் 53' எண்டு காட்டி முற்றாகச் செத்துப்போயின. அவற்றில் பல முன்னர் வெளியாட்களால், அநேகமாக உடைந்த ஸ்கிரீனுக்காக, திருத்தப்பட்டவை. அப்பிள் அவர்களில் பலரிடம், வெளியில் திருத்தியதால் உங்களுக்கு நிவாரணம் இல்லை எண்டது. அந்த நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஜூனில் சமஷ்டி நீதிமன்றம் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. குறைந்தது 275 பேரிடம் அப்படிச் சொல்லப்பட்டதை அப்பிளே ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் எளிமையானது: வெளியாள் ஒருவர் ஸ்கிரீனை மாற்றினார் எண்ட ஒரே காரணத்தால் வாங்கினவரின் சட்ட உரிமை அழிந்துபோகாது. வெளியாள் செய்த சேதத்துக்கும் கொம்பனிதான் பொறுப்பு எண்டு அதுக்கு அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கு, அந்தக் கோட்டைக் காட்ட வேண்டிய பொறுப்பில் இருந்து கொம்பனி தப்ப ஏலாது.

கொம்பனிகளின் கை தாளில் மட்டும் நிற்கவில்லை எண்டதையும் சொல்ல வேணும். 2021இல் ஐபோன் 13 வந்தபோது, அதன் ஸ்கிரீனில் இருக்கும் சின்ன சிப்பை மாற்றாமல் வேறு ஸ்கிரீன் போட்டால் முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி நிண்டுவிடும். இன்னொரு ஐபோன் 13இல் இருந்து கழற்றின அசல் ஸ்கிரீன் எண்டாலும் அதே கதைதான். முகத்தைப் பார்க்கும் கமரா ஸ்கிரீனிலேயே இல்லை எண்டது இதில் பகிடி. சந்திக்கடைக்காரன் நுணுக்குக்காட்டியின் கீழே அந்தச் சிப்பைப் பெயர்த்துப் புது ஸ்கிரீனில் ஒட்ட வேண்டியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, அந்த வருடக் கடைசியில் அப்பிள் மென்பொருளால் அதைத் தளர்த்தியது. மென்பொருளால் தளர்த்த முடிந்ததெண்டால், இறுக்கினதும் ஆரோ இருந்து எழுதினதுதான்.

எங்கட நாட்டில் என்ன இருக்கு? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கு. வியாபாரத்தில் ஆட்களைத் தவறாக வழிநடத்துறது அதில் குற்றம். அது ஏசிக்குள்ள இருக்கிற சென்ரருக்கும் பொருந்தும், 'ஒறிஜினல் மாதிரி' எண்ட சந்திக்கடைக்கும் பொருந்தும். சொன்ன உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள். தொலைபேசி இலக்கம் 1977. இதெல்லாத்துக்கும் கையில் ஒரு தாள் வேணும். எங்களிடம் சென்ரரின் தாள் இருந்தது. சந்திக்கடையின் தாள் இல்லை, ஏனெண்டால் நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் தர வேண்டியது கடைக்காரரின் கடமை.

சார்ஜிங் கதை எப்படி முடிந்தது? திரும்பவும் சந்திக்கடைக்குத்தான் வந்தம். அண்ணை திறந்து நாடாவயரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், கிழியவில்லை. போர்ட்டுக்குள்ள பின்கள் வளைந்து கறுத்திருந்தன. கீழ்ப் போட்டை மாற்ற 3,500. மாற்றினார், இண்டைக்கும் வேலை செய்யுது.

இப்ப கணக்குப் பார்க்கலாம். சென்ரர் வழி 34,500. எங்கட வழி 11,000, பிறகு 3,500, ஆக 14,500. வொரண்டி போனதால் எங்களுக்கு உண்மையில் பட்ட நட்டம் அந்த 3,500தான். ஆனால் இதை வைத்து 'பாத்தியே, சந்திக்கடைதான் லாபம்' எண்டு எழுதினால் நாங்களும் பொய்யர். அந்த ஒரு மாதத்துக்குள் பழுதானது மதர்போட்டாக இருந்திருந்தால் முழுப் போனும் போயிருக்கும், 14,500 தண்ணியில் போட்ட காசாகியிருக்கும். வாங்கி ஒரு மாதமான, விலை கூடின போன் எண்டால் நாங்களே சென்ரருக்குத்தான் போகச் சொல்லுவம், பதினொரு மாத வொரண்டியை ஒரு ஸ்கிரீனுக்காகப் பணயம் வைக்கத் தேவையில்லை. நீர் புகாது எண்டு விற்ற போனுக்கும் அப்படியே. திறந்த பிறகு புதுப் பசை முறையாக வைக்காவிட்டால் அந்தத் தன்மை போய்விடும், அதைச் சோதிக்கிற கருவி சந்தியில் இல்லை. ஒரு வருடம் தாண்டிய நடுத்தர விலைப் போனுக்கு மட்டும், சாமானின் பெயரைச் சொல்லுற கடையாக இருந்தால், சந்திக்கடை.

எங்கட அம்மா அப்பாக்கள் தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவை. திருத்துறது இந்த ஊருக்குப் புதிசில்லை, திருத்துறவனை 'அங்கீகாரம் இல்லாதவன்' எண்டு ஒரு சொல்லால் தள்ளிவைக்கிறதுதான் புதிசு. அதுக்காகத் திருத்துறவன் எங்களுக்கு எல்சிடியை ஏமோலெட் எண்டு விற்கலாம் எண்டும் இல்லை.

போன கிழமை எங்களில் இன்னொருத்தன் அதே கடைக்கு உடைஞ்ச போனோட போனான். இந்த முறை பில் கேட்டம், அதில் ஸ்கிரீனின் வகையையும், உத்தரவாதம் எத்தனை நாள் எண்டதையும் எழுதச் சொன்னம். அண்ணை பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். 'எல்சிடி எண்டு எழுதினா ஆர் தம்பி வாங்குவினம்?' எண்டார். 'அப்ப மற்றதின்ர விலையைச் சொல்லுங்கோ அண்ணை' எண்டான் அவன். ஓலெட் 19,000. வாங்கினான். பில்லில் 'ஓலெட், 1 மாதம்' எண்டு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார் அண்ணை. இவன் கடை வாசலிலேயே நிண்டு, கறுப்புப் படத்தைத் திறந்து கையால் மூடிப் பார்த்தான். கறுப்பாகத்தான் இருந்தது.